பொறாமைக்குப் பச்சை பூசியது யார்?

கோபத்துக்கு என்ன நிறம் என்று கேட்டால் பெரும்பாலும் எல்லோருமே யோசிக்காமல் சிவப்பு என்பார்கள். பொறாமைக்கு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் பேசுகிறவர் பச்சை என்பார், ஏனென்றால் அவர் மொழியில் பொறாமைப்படுகிறவர் 'க்ரீன் வித் என்வி', அதாவது பொறாமையால் பச்சையாகிப் போனவர். ஜெர்மன் பேசுகிறவருக்கு மஞ்சளாவதும் உண்டு, பச்சையாவதும் உண்டு, வெளிறிப் போவதும் உண்டு. ரஷ்ய மொழியில் பொறாமை கறுப்பு. சீன மொழியில் பொறாமைக்காரரின் கண் சிவந்துவிடும். தமிழ் மட்டும் தெரிந்தவர் கொஞ்சம் விழிப்பார். நம் மொழியில் பொறாமைக்கு நிறமே கிடையாது. வயிறு எரியும், அவ்வளவுதான்.

கோபத்தில் ஒத்துப்போகிற மொழிகள் பொறாமையில் ஏன் இப்படிப் பிரிந்து போகின்றன? நிறம் கலந்த மரபுத்தொடர்களைப் புரிந்துகொள்ள இது நல்ல வாசல். உடம்பில் வெளிப்படையாகத் தெரிகிற உணர்ச்சி என்றால் மொழிகள் அதே நிறத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. உடம்பில் தெளிவாகத் தெரியாத உணர்ச்சி என்றால் ஒவ்வொரு மொழியும் தன் பழைய மருத்துவம், பழைய கவிதை, தற்செயலாகக் கிடைத்த ஏதோ ஒரு பொருள் என்று எங்கிருந்தாவது ஒரு நிறத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

முதலில் கோபம். கோபப்படும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, முகத்துத் தோலுக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. வெளிர் தோலில் அது சிவப்பாகத் தெரியும். கருந்தோலில் அதே ரத்தம் முகத்தை இன்னும் கறுக்க வைக்கும். 'முகம் சிவந்தது' என்றும் 'முகம் கறுத்தது' என்றும் தமிழில் இரண்டையும் சொல்கிறோம். மனசுக்குள் வைத்துக்கொண்டே இருக்கும் கோபத்துக்கு 'கறுவுதல்' என்று ஒரு சொல்லும் இருக்கிறது.

இதில் ஒரு பழைய ஆச்சரியம் உண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கணமான தொல்காப்பியம், உரியியலில், 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது. கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லுக்கும் கோபம் என்று பொருள். அடுத்த நூற்பாவில்தான் 'நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப' என்று வருகிறது, அதாவது நிறத்தைச் சொல்லவும் அவை பயன்படும் என்கிறார்கள். வரிசையைக் கவனியுங்கள். கோபம் முதலில், நிறம் அப்புறம்.

1997இல் சில உளவியலாளர்கள் ஜெர்மனி, மெக்சிகோ, போலந்து, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டு மாணவர்களிடம் நிறப் பெயர்களைக் கொடுத்து, எந்த உணர்ச்சி எந்த நிறத்தை எவ்வளவு நினைவூட்டுகிறது என்று கேட்டார்கள். கோபத்துக்கு ஐந்து நாட்டிலும் முன்னால் வந்தவை இரண்டு நிறங்கள்: கறுப்பு, சிவப்பு. தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டே இராதவர்கள் அதே ஜோடியைச் சொன்னார்கள். பொறாமை என்று வந்ததும் கதை மாறிவிட்டது. அமெரிக்கர்கள் கறுப்பு, பச்சை, சிவப்பு என்றார்கள். ஜெர்மானியர்கள் மஞ்சள் என்றார்கள். ரஷ்யர்கள் கறுப்பு, ஊதா, மஞ்சள் என்றார்கள். போலந்துக்காரர்கள் ஊதாவையும் சேர்த்தார்கள்.

பொறாமைப்படும்போது யார் முகமும் பச்சையாவதில்லை, ஊதாவாவதும் இல்லை. உடம்பு ஒரு விடையைத் தரவில்லை, அதனால் மொழிகள் வேறு இடத்தில் விடை தேடின. அந்தத் தேடலை ஆங்கிலப் பச்சையை வைத்தே கொஞ்சம் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

இந்தத் தொடரின் மூலத்தைக் கேட்டால் பலரும் ஷேக்ஸ்பியரைக் காட்டுவார்கள். 1603–04 வாக்கில் எழுதப்பட்ட ஒத்தெல்லோ நாடகத்தில், தளபதியின் மனதில் சந்தேகத்தை விதைக்கும் இயாகோ, பொறாமையைப் பச்சைக் கண் கொண்ட பூதம் என்கிறான். அதற்கு முன்பே 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலும் பச்சைக் கண் பொறாமை வருகிறது. தொடரைப் பிரபலமாக்கியவர் அவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொறாமைக்குப் பச்சை பூசியவர் அவர் இல்லை.

அவருக்கு ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன்பு, ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் 'உருமாற்றங்கள்' காவியத்தின் இரண்டாம் பகுதியில் பொறாமையை ஒரு பெண்ணாக வரைகிறார். இருட்டுக் குகையில் உட்கார்ந்து பாம்புக் கறி தின்கிறாள். முகத்தில் வெளிறல் குடிகொண்டிருக்கிறது. பற்கள் துருவேறி ஈய நிறத்தில் கன்றியிருக்கின்றன. நெஞ்சு பித்தத்தால் பச்சையாகியிருக்கிறது. நாக்கில் விஷம் வழிகிறது. ஒரே ஆளின் உடம்பில் வெளிறல், கன்றிய நீலம், பச்சை என்று மூன்று நிறங்கள்! பின்னால் வந்த மொழிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்ட மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனில் பொறாமையால் வெளிறிப் போவது இன்றும் வழக்கில் இருக்கிறது. பச்சை ஆங்கிலத்தில் நிலைத்தது.

நடுவில் இருக்கும் கன்றிய நீலத்தின் கதை இன்னும் விசித்திரம். லத்தீனில் 'லீவோர்' என்றால் அடிபட்ட இடத்தில் தோல் கன்றிப்போகும் நீலச் சாம்பல் நிறம். அதே சொல்லுக்குப் பொறாமை என்றும் பொருள். அதன் உறவுச் சொல்தான் ஆங்கிலத்துக்கு 'லிவிட்' என்று போனது. அங்கே போனதும் பொறாமையைக் கைவிட்டுவிட்டது. இன்று ஆங்கிலத்தில் ஒருவர் 'லிவிட்' என்றால் கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். காயத்தின் நிறம், பொறாமை, கோபம் என்று ஒரு சொல் மூன்று வீடு மாறியிருக்கிறது.

சரி, பச்சைக்கு வருவோம். ஓவிட் காரணத்தையும் அதே வரியில் சொல்லிவிடுகிறார்: பித்தம். பழைய கிரேக்க மருத்துவத்தில் உடம்பு நான்கு நீர்மங்களால் ஆனது: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் தொடங்கி, கேலன் என்ற மருத்துவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் விரித்து எழுதிய இந்தக் கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவை ஆண்டது. நீர்மங்கள் சமமாக இருந்தால் ஆரோக்கியம், ஒன்று கூடினால் நோயும் குணக்கேடும். மஞ்சள் பித்தம் கூடினால் எரிச்சல், கடுகடுப்பு. கரும்பித்தம் கூடினால் காரணமில்லாத சோகம். ஆங்கிலத்தில் சோகத்தைக் குறிக்கும் 'மெலங்கலி' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் நேர்ப்பொருளே கரும்பித்தம்தான்.

பித்தம் உண்மையில் என்ன நிறம்? ஈரலில் சுரக்கும்போது பொன்மஞ்சளாக இருக்கிறது. அதற்கு அந்த நிறத்தைத் தருவது பிலிருபின் என்ற பொருள். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருளாகிவிடும். அடிபட்ட இடம் முதலில் கன்றி, சில நாளில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இந்த இரண்டு பொருள்களின் வேலைதான். பித்தநாளம் அடைத்து நாள்பட்ட காமாலையில் தோலே பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். ஆக, மனக்கசப்பைப் பித்தத்தோடு முடிச்சுப் போட்ட மொழிகளுக்கு மஞ்சள், பச்சை என்று இரண்டு நிறமும் தயாராக இருந்தன. ஜெர்மனில் இரண்டும் உயிரோடு இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்று நாம் சொல்வதற்கு அப்படியே இணையான பழமொழி ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் காமாலைப் பார்வை என்றால் கசப்பும் பொறாமையும் கலந்த பார்வை. காமாலை வந்தவர்களுக்குப் பொதுவாக உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளானதைப் பார்த்தவர்கள், அந்தக் கண் வழியாகப் பார்த்தால் உலகமும் அப்படித்தான் இருக்கும் என்று தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். மரபுத்தொடருக்கு அறிவியல் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை.

பித்தத்துக்கும் முந்தைய ஒரு பச்சை இருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் சாப்போ, தன் மனம் கவர்ந்தவள் வேறொருவனோடு சிரித்துப் பேசுவதைப் பார்க்கிறார். நாக்கு செயலிழக்கிறது, தோலுக்கடியில் தீ ஓடுகிறது, காது இரைகிறது, உடம்பு நடுங்குகிறது, 'புல்லைவிடப் பச்சையாகிறேன்' என்கிறார். அவர் பயன்படுத்திய 'க்ளோரோஸ்' என்ற சொல் இன்றைய பச்சை மட்டும் அல்ல. இளந்தளிரின் வெளிர்ப்பச்சை முதல் தேனின் மஞ்சள் வரை அதற்குள் அடங்கும். பயத்தில் ரத்தம் வற்றிப்போன முகத்துக்கும் ஹோமர் அதே சொல்லைத்தான் போடுகிறார். அந்தக் காலத்துச் சொல்லுக்கு இன்றைய நிறப் பட்டையின் எல்லைகளைப் போட்டுப் பார்த்தால் வரி வேடிக்கையாகிவிடும். ரத்தம் இறங்கிப் போன முகத்தில் தெரியும் சோகையான நிறத்தைத்தான் அவர் சொல்கிறார்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டியிருக்கும். பசலை! காதலனைப் பிரிந்த தலைவியின் உடம்பில் பரவும் அந்தச் சோகை நிறத்தின் பெயரிலேயே பசுமையின் வேர் இருக்கிறது. ஆனால் பாட்டில் அது பீர்க்கம் பூவின் மஞ்சளோடுதான் ஒப்பிடப்படுகிறது. 'க்ளோரோஸ்' போலவே பச்சைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் நடுவில் மிதக்கிற நிறம். திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, பசப்புறு பருவரல். அதில் ஒரு தலைவி சொல்கிறாள்:

புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன் அவ்வளவில்
அள்ளிக்கொள் வற்றே பசப்பு.

தழுவிக் கிடந்தவள் சற்று விலகினேன், அந்தக் கணத்திலேயே அள்ளிக்கொள்ளும் அளவுக்குப் பசலை வந்து அப்பிக்கொண்டது என்கிறாள். எவ்வளவு அழகான மிகை!

இரண்டு தொலைதூர மொழிகள், கிட்டத்தட்ட ஒரே நிறம், ஒரே மாதிரி முகம். ஐரோப்பாவில் அந்தப் பச்சை வெளிறல் பித்தத்தோடு கூட்டுச் சேர்ந்து பொறாமைக்குப் போனது. தமிழில் அது பிரிவுத் துயருக்கு உரியதாகிவிட்டது. பேச்சு வழக்கிலிருந்து பசலை மறைந்தபோது, உணர்ச்சியைச் சொல்லும் பச்சையும் அதோடு போய்விட்டது. மிச்சமிருப்பது இன்னொரு பச்சை: காயாதது, வேகாதது, மூடி மறைக்காதது. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய், பச்சையாகப் பேசுவது எல்லாம் இந்தக் குடும்பம். அதனால்தான் 'அவள் பொறாமையில் பச்சையானாள்' என்று தமிழில் எழுதினால் நமக்கு ஒன்றும் தைப்பதில்லை.

பச்சையாகப் பேசுவது என்றதும் ஒரு சின்ன விலகல். ஆபாசத்துக்கு என்ன நிறம் என்று பார்த்தால், ஆங்கிலத்தில் நீலம், ஸ்பானிய மொழியில் பச்சை, இன்றைய சீனத்தில் மஞ்சள். தமிழில் பச்சையும் இருக்கிறது, ஆங்கிலத்திலிருந்து வந்த நீலமும் இருக்கிறது. மஞ்சள் பத்திரிகையும் இறக்குமதிதான். 1890களில் நியூயார்க்கில் புலிட்சரும் ஹெர்ஸ்ட்டும் விற்பனைக்காகப் பரபரப்புச் செய்திகளில் போட்டி போட்டபோது, இரண்டு பத்திரிகையிலும் மஞ்சள் அங்கி போட்ட ஒரு கேலிச்சித்திரச் சிறுவன் வந்தான். அந்தச் சிறுவனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பையனின் அங்கி சிவப்பாக இருந்திருந்தால் நாம் இன்று சிவப்புப் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இனி 'ஃபீலிங் ப்ளூ', அதாவது சோகமாக இருப்பது. இதில் ஆதாரங்கள் பச்சைக்குக் கிடைத்த அளவுக்குத் தெளிவாக இல்லை, அதனால் எச்சரிக்கையாகப் போக வேண்டும். பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு பாட்டில் கண்ணீரை நீலக் கண்ணீர் என்கிறார். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து மனச்சோர்வை 'நீலப் பிசாசுகள்' என்று அழைக்கும் வழக்கம் பரவியது. குடியை நிறுத்தியவர்களுக்கு வரும் நடுக்கத்துக்கும் மாயத் தோற்றங்களுக்கும்கூட அந்தப் பெயர் இருந்தது. பிசாசுகள் உதிர்ந்து 'ப்ளூஸ்' என்ற பன்மை மட்டும் நின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம் ஒன்றுக்கு அதுவே பெயரானது. 1912இல் டபிள்யூ. சி. ஹேண்டி வெளியிட்ட 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' போன்றவை அந்தப் பெயரை அச்சில் ஏற்றின. நீலம் என்றால் சோகம் என்று ஆங்கிலம் தெரிந்த உலகம் முழுக்கப் பதிந்ததில் இந்த இசைக்குப் பெரிய பங்கு.

இதற்கு இன்னொரு கதையும் சுற்றுகிறது: கப்பல் தலைவர் இறந்துவிட்டால் கப்பலில் நீலக் கொடி கட்டித் திரும்புவார்களாம், அதிலிருந்து நீலம் சோகமாயிற்றாம். கேட்க நன்றாக இருக்கிறது, வலுவான ஆதாரம்தான் இல்லை. இப்படிப்பட்ட கதைகளை அடையாளம் காண ஒரு வழி உண்டு. கதை சொல்லும் வழக்கம் எப்போது இருந்தது, தொடர் எழுத்தில் முதன்முதலாக எப்போது வருகிறது என்று இரண்டு தேதிகளையும் கேளுங்கள். கதைக்குத் தேதியே இல்லை என்றாலோ, தொடர் கதையைவிட மூத்தது என்றாலோ கதையை ஓரமாக வைத்துவிடலாம். ஷேக்ஸ்பியரையும் ஓவிட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் இதே வேலைதான்.

நீலம் மற்ற மொழிகளில் சோகத்தின் பக்கமே போகவில்லை. ஜெர்மனில் ஒருவர் நீலமாக இருக்கிறார் என்றால் நன்றாகக் குடித்திருக்கிறார். பிரெஞ்சில் நீலப் பயம் என்றால் குலைநடுக்கம். ரஷ்ய மொழியில் வான்நீலக் கனவு என்றால் மனசுக்குள் பொத்தி வைத்த ஆசை. ஜப்பானிய மொழியில் 'அவோ' என்ற சொல் நீலத்தையும் பச்சையின் ஒரு பகுதியையும் சேர்த்தே குறிக்கும். அதனால் ஆங்கிலேயர் அனுபவமில்லாத இளைஞனைப் பச்சை என்கிற இடத்தில் ஜப்பானியர் 'அவோ' என்கிறார்கள். இருவரும் பழுக்காத காயைத்தான் நினைக்கிறார்கள். நிறங்களுக்கு நடுவில் மொழி எங்கே கோடு போடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நிறத்துக்கும் உணர்ச்சிக்கும் இயல்பான உறவே இல்லை என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 30 நாடுகளைச் சேர்ந்த சுமார் 4,600 பேரிடம் நிறங்களையும் உணர்ச்சிகளையும் இணைக்கச் சொன்னார்கள். நாடுகளுக்கிடையே ஒற்றுமை நிறையவே இருந்தது. சிவப்பு பல இடங்களில் கோபத்தோடும் காதலோடும் சேர்ந்தது, கறுப்பு சோகத்தோடு சேர்ந்தது. ஆங்கிலத்தில் சோகம் நீலமாக இருந்தும், இந்த ஆய்வில் சோகத்தோடு அதிகம் சேர்ந்தது கறுப்புதான்! அந்தப் பொது ஒற்றுமைக்கு மேலே, மொழியால் நெருங்கியவர்களும் நிலத்தால் நெருங்கியவர்களும் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒத்துப்போனார்கள். ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நிறத்தைக் கண்ணால் காட்டாமல், நிறத்தின் பெயரைக் கொடுத்துத்தான் கேட்டார்கள். பெயரைக் கேட்டதும் ஒருவர் தன் மொழியின் மரபுத்தொடரையும் சேர்த்தே நினைப்பார். பதிலில் எவ்வளவு நிறம், எவ்வளவு மொழி என்று பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. நிறம் வெறும் மரபாக நிற்கிற இடத்தில் அதை விட்டுவிட்டு உணர்ச்சியைப் பிடிக்கலாம்: 'க்ரீன் வித் என்வி'க்கு 'வயிறு எரிந்தது', 'ஃபீலிங் ப்ளூ'வுக்கு 'மனசே சரியில்லை'. எழுதியவர் அந்த நிறத்தை வைத்தே விளையாடியிருந்தால் அப்படி விட முடியாது. பச்சைக் கண் பூதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூதத்துக்கு எந்த நிறக் கண் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் அது தமிழில் அப்படியே நிற்கிறது, பச்சை என்றால் பொறாமை என்று வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உண்மையில் கஷ்டம் தருவது ரஷ்ய மொழிதான். அங்கே கறுப்புப் பொறாமை, வெள்ளைப் பொறாமை என்று இரண்டு உண்டு. அடுத்தவரிடம் இருப்பது அவருக்கு இல்லாமல் போக வேண்டும் என்று நினைப்பது கறுப்பு. அவருக்கும் இருக்கட்டும், எனக்கும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்குவது வெள்ளை. நண்பரின் வெற்றியைப் பாராட்டும்போதே 'உன்னைப் பார்த்து எனக்கு வெள்ளைப் பொறாமை' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். வெள்ளை மனசு நமக்குப் பழக்கம்தான் என்றாலும், அதைப் பொறாமையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் தமிழ்க் காதுக்கு இடிக்கிறது. 'உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது' என்பதை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னால் தமிழிலும் அதே அர்த்தம் வந்துவிடும். அந்தச் சிரிப்பை எழுத்தில் எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் பாடு.